ஒரு சொல்லில் மூன்று அட்டைகள்: கோட்நேம்ஸ் ஆட்டத்தில் முதன்முறை குறிப்பு கொடுக்கப்போகிறவருக்கு

கோட்நேம்ஸ் ஆட்டத்தில் நான் முதன்முறையாகக் குறிப்பு கொடுக்க உட்கார்ந்தபோது, ஆட்டம் மூன்று நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. நான் சொன்ன குறிப்பு ‘துணி, 3’. என் மனத்தில் இருந்தவை நூல், திரை, கொடி ஆகிய மூன்று சொற்கள். என் அணியினர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகமே இல்லாமல் ஒருவர் விரலை நீட்டி ‘ஊசி’ என்ற அட்டையைத் தொட்டார். ஊசிதான் கொலையாளிச் சொல். அவர்கள் மீது தவறில்லை, துணி என்றதும் யாருக்கும் ஊசி நினைவுக்கு வரத்தான் செய்யும். அந்தச் சொல் பலகையில் இருப்பதை நானே சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அதன் பிறகு பல ஆட்டங்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவற்றை, அதே பலகையை வைத்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தமிழ்ச் சொற்களை வைத்து ஆடுகிறவர்களை மனத்தில் கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் ஆங்கிலச் சொற்களில் வராத சில சிக்கல்கள் தமிழில் வருகின்றன.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேசையில் 25 சொற்கள், ஐந்துக்கு ஐந்தாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு அணிகள், ஒவ்வோர் அணியிலும் ஒருவர் குறிப்பாளர், மற்றவர்கள் ஊகிப்பவர்கள். முதலில் ஆடும் அணிக்கு 9 சொற்கள், எதிரணிக்கு 8, யாருக்கும் சேராத வழிப்போக்கர் சொற்கள் 7, கொலையாளி 1. எந்தச் சொல் எவருடையது என்பது குறிப்பாளர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். குறிப்பாளர் ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் மட்டும் சொல்லலாம். அந்த எண், அந்தச் சொல்லோடு தொடர்புள்ள தம் அணிச் சொற்கள் எத்தனை என்பதைக் காட்டுகிறது. தம் சொற்கள் அனைத்தையும் முதலில் கண்டுபிடிக்கும் அணி வெல்லும். கொலையாளியைத் தொட்ட அணி அந்த இடத்திலேயே தோற்கும்.

அன்றைய பலகை இதுதான்.

எங்கள் சிவப்பு அணி (9): நூல், திரை, கொடி, மணி, விதை, வேர், படகு, பாடகர், நாற்காலி.

எதிரணியான நீலம் (8): அலை, ஏணி, கிளை, மேடை, கடிதம், பூட்டு, சக்கரம், மருத்துவர்.

வழிப்போக்கர் (7): கல், புகை, நிழல், பனி, கழுத்து, சுவர், கண்ணாடி.

கொலையாளி (1): ஊசி.

## 1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குறிப்பாளருக்குத் தேவையான ஒரே ஆவணம், கீ கார்டு எனப்படும் சாவி அட்டை. பெட்டியில் இவை 40 இருக்கும். ஒன்றை உருவித் தாங்கியில் நிறுத்தி, குறிப்பாளர்கள் இருவரும் ஒரே பக்கமாக அமர்ந்து பார்க்க வேண்டும். எதிரெதிராக அமர்ந்தால் ஒருவருக்கு அட்டை தலைகீழாகத் தெரியும். அதைக் கவனிக்காமல் பாதி ஆட்டம் வரை போய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையின் நான்கு ஓரங்களிலும் உள்ள நிறம், எந்த அணி முதலில் ஆட வேண்டும் என்பதைச் சொல்கிறது. அந்த நிறத்திற்குத்தான் 9 சொற்கள்.

தமிழில் ஆடுவதென்றால் சொல்லட்டைகளை நீங்களே எழுதிக்கொள்ள நேரலாம். அப்படி எழுதும்போது பல பொருள் உள்ள சொற்களை அதிகமாகச் சேருங்கள். மாலை, படி, திங்கள், அடி, வரி, ஓடு போன்றவை இந்த ஆட்டத்திற்கென்றே பிறந்த சொற்கள். ஒரே பொருள் மட்டும் உள்ள சொற்களால் நிறைந்த பலகையில் எல்லாக் குறிப்பும் ‘1’ என்றே முடியும், ஆட்டம் சப்பென்று போய்விடும்.

இவற்றோடு ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். சாவி அட்டையில் நிறங்கள் மட்டுமே இருக்கும், சொற்கள் இருக்காது. கண்ணை அட்டைக்கும் பலகைக்கும் மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான் ஒரு சொல் விட்டுப்போகிறது. என் முதல் ஆட்டத்தில் ஊசி விட்டுப்போனதும் இப்படித்தான். இப்போதெல்லாம் மேலே கொடுத்திருப்பதைப் போலவே நான்கு வரிகளாக எழுதிக்கொண்ட பிறகுதான் யோசிக்கவே தொடங்குகிறேன். எழுதிய தாளை யார் கண்ணிலும் படாமல் கவிழ்த்து வைப்பது உங்கள் பொறுப்பு.

## 2. எது ‘ஒரு சொல்’ என்பதை முன்னரே பேசி முடித்துவிடுங்கள்

யாரும் தொட்டு, மேலே நிற அட்டை வைத்து மூடாமல் மேசையில் இருக்கும் எந்தச் சொல்லையும், அதன் எந்த வடிவத்தையும் குறிப்பாகச் சொல்லக் கூடாது என்பது விதி. கூட்டுச்சொல்லின் ஒரு பகுதியும் இந்தத் தடைக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் இது ஓரளவு எளிது. தமிழிலோ ஒரு வேரிலிருந்து பத்துச் சொற்கள் கிளைப்பதாலும், சொற்கள் புணரும்போது உருமாறுவதாலும், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு வாக்குவாதம் உறுதி.

எங்கள் பலகையையே பாருங்கள். ‘நூல்’ திறந்திருக்கும்வரை நூலகம், நூலாசிரியர் ஆகியவை தடை. ‘பாடகர்’ இருப்பதால் பாடல், பாட்டு இரண்டும் தடை. இவை எவருக்கும் புரியும். ஆனால் ‘நாற்காலி’ என்பதற்குள் ‘கால்’ இருக்கிறது, ஆகவே ‘கால்’ என்ற குறிப்பும் தடைதான். நாள்தோறும் பயன்படுத்திப் பழகிவிட்டதால் அந்தச் சொல் நான்கு காலைக் குறிக்கிறது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். ‘கண்ணாடி’ இருப்பதால் ‘கண்’ சொல்ல முடியாது. ‘மருத்துவர்’ இருக்கும்போது ‘மருந்து’ சொல்லலாமா என்றால், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால் கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஒத்துக்கொள்ளாத நண்பர்களும் உண்டு. இத்தகைய எல்லைக்கோட்டுச் சொற்களில் எதிரணிக் குறிப்பாளரிடம் காதோடு கேட்டுக்கொண்டு சொல்வதே நல்லது. அவர் சரி என்றால் சரி.

தடை செய்யப்பட்ட குறிப்பைச் சொன்னால் அதற்கான விலை சிறியதன்று. உங்கள் முறை உடனே முடிந்துவிடும். அதோடு எதிரணிக் குறிப்பாளர் தம் அடுத்த குறிப்புக்கு முன் தம் அணிச் சொல் ஒன்றைத் தாமே மூடிக்கொள்ளலாம். அதாவது ஒரு வாயசைவில் ஒரு முறையையும் ஒரு சொல்லையும் இழக்கிறீர்கள். ஒரு சொல் மூடப்பட்ட பிறகு அதன் தடை நீங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘நூல்’ மூடப்பட்டதும் ‘நூலகம்’ உங்களுக்குக் கிடைத்துவிடும்.

ஒலியொற்றுமை தடையைச் சேர்ந்ததன்று. ‘மணி’ பலகையில் இருக்கும்போது ‘மண்’ என்ற குறிப்பைச் சொல்லலாம், ஏனெனில் இரண்டும் வேறு சொற்கள். ஆனால் ‘ம-வில் தொடங்குகிறது’ என்ற எண்ணத்தில் ‘மண்’ என்று சொல்லி மணியைச் சுட்ட முடியாது. குறிப்பு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். எழுத்தையோ, எழுத்துகளின் எண்ணிக்கையையோ, அட்டை மேசையில் இருக்கும் இடத்தையோ சுட்டக் கூடாது. சொல்லுக்குப் பின் வரும் எண்ணும் இன்னொரு குறிப்பாக மாறக் கூடாது.

## 3. தடைச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் தம் 9 சொற்களைப் பார்த்து, எவற்றை இணைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கொலையாளிச் சொல்லை எடுத்து, அது எந்தெந்த உலகங்களைச் சேர்ந்தது என்று ஒரு நிமிடம் எழுதுங்கள். ஊசிக்கு இப்படி வரும்: துணி, தையல், கிழிசல், மருத்துவமனை, தடுப்பு, வலி, கூர்மை, குத்து, இரும்பு, காந்தம். இவற்றில் எதுவும் இந்த ஆட்டம் முழுவதும் உங்கள் வாயில் வரக் கூடாது. இந்தப் பட்டியல் ஒன்றே என் முதல் ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்து எதிரணிச் சொற்களை ஒரு பார்வை பாருங்கள். எல்லாவற்றுக்கும் பட்டியல் போட வேண்டியதில்லை. உங்கள் சொற்களோடு ஒட்டி உறவாடும் சொற்கள் எவை என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். எங்கள் பலகையில் அப்படி மூன்று: படகுக்குப் பக்கத்தில் அலை, வேருக்கும் விதைக்கும் பக்கத்தில் கிளை, பாடகருக்கும் திரைக்கும் பக்கத்தில் மேடை. ஆகவே நீர், மரம், அரங்கம் என்ற மூன்று பெரிய கதவுகளும் தொடக்கத்திலேயே பாதி சாத்தப்பட்டுவிட்டன. வழிப்போக்கர் சொற்களை இந்தக் கட்டத்தில் நான் பார்ப்பதே இல்லை.

## 4. ஒவ்வொரு சொல்லின் எல்லாப் பொருளையும் பிரித்துப் போடுங்கள்

இப்போதுதான் உங்கள் சொற்களுக்கு வர வேண்டும். ஒரு சொல்லை அதன் முதல் பொருளோடு மட்டும் பார்த்தால் இணைப்பு கிடைக்காது. கொடி என்றால் பறக்கும் கொடி, படரும் கொடி, துணி உலர்த்தும் கொடி என்று மூன்று. நூல் என்றால் இழை, புத்தகம். மணி என்றால் அடிக்கும் மணி, கடிகார மணி, கோக்கும் மணி, தானிய மணி. திரை என்றால் தொங்கும் துணி, படம் ஓடும் திரை, பழைய வழக்கில் அலை.

இந்தப் பொருள்களில் எது தடைச் சொற்களிலிருந்து உங்களை விலக்கிக் கொண்டுபோகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நூலை இழை என்று எடுத்தால் ஊசி பக்கத்தில் நிற்கிறது. புத்தகம் என்று எடுத்தால் ஊசி எங்கோ போய்விடுகிறது, ஆனால் ‘எழுத்து’ போன்ற குறிப்பு நீல அணியின் கடிதத்தை இழுத்து வருகிறது. இழையாகவே வைத்துக்கொண்டு, துணியை விட்டு வெளியேற வழி உண்டா? நான் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இதிலேயே நின்றேன். உண்டு: கயிறு.

## 5. குறிப்பைச் சொல்லும் முன் தலைகீழ்ச் சோதனை

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான படி, ஆகவே சற்று நின்று பாருங்கள். குறிப்பாளர் தம் சொற்களிலிருந்து குறிப்புக்குப் போகிறார். ஊகிப்பவரோ குறிப்பிலிருந்து 25 சொற்களுக்கும் வருகிறார். இரண்டும் ஒரே பாதையன்று. நூல், திரை, கொடி மூன்றும் துணியோடு தொடர்புடையவை என்பது முழு உண்மை. ஆனால் துணி என்ற சொல்லைக் கேட்டு 25 அட்டைகளைப் பார்ப்பவருக்கு முதலில் வருவது ஊசி, அடுத்தது நூல், அதன் பிறகுதான் திரையும் கொடியும். உங்கள் இணைப்பு சரியா என்ற கேள்விக்கு ஊகிப்பவர் விடை தேடுவதில்லை. எது மிக நெருக்கம் என்றுதான் பார்க்கிறார்.

ஆகவே குறிப்பு மனத்தில் வந்ததும், உங்கள் சொற்கள் எவை என்பதை ஒரு கணம் மறந்துவிட்டு, பலகையின் மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூடாத சொல்லோடும் அந்தக் குறிப்பை உரசிப் பாருங்கள். உரசும்போது பற்றிக்கொள்ளும் சொற்களை நெருக்கத்தின் வரிசையில் அடுக்குங்கள். நீங்கள் சொல்லப்போகும் எண் எதுவோ, வரிசையின் தொடக்கத்தில் அத்தனை சொற்களும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வேறு சொல் வந்தால் பரவாயில்லை. கொலையாளி மட்டும் அந்த வரிசையிலேயே இருக்கக் கூடாது.

‘கயிறு’ இந்தச் சோதனையில் இப்படி நின்றது. நூல்: மெல்லிய கயிறு, உடனே பற்றுகிறது. கொடி: துணி உலர்த்தும் கொடியே ஒரு கயிறுதான், கம்பத்துக் கொடியையும் கயிறுதான் ஏற்றுகிறது, இரண்டு பொருளிலும் பற்றுகிறது. படகு: கரையில் கட்டுவது கயிற்றால். மணி: பெரிய மணியை இழுத்து அடிப்பது கயிற்றால், பற்றுகிறது, ஆனால் மற்ற மூன்றையும்விடச் சற்றுத் தொலைவு. இனி அபாயங்கள். ஏணி: கயிற்றால் செய்த ஏணிக்குத் தமிழில் நூலேணி என்றே பெயர், ஆகவே நீல அணிச் சொல் ஒன்று வாசலில் நிற்கிறது. கழுத்து: சுருக்குக் கயிறு நினைவுக்கு வரலாம், வழிப்போக்கர். அலை: கயிற்றோடு ஒட்டவில்லை, ஆகவே படகை நீரின் வழியாகச் சுட்டினால் வரும் தொல்லை இங்கே இல்லை. ஊசி: ஊசியில் கோப்பது நூலைத்தான், கயிற்றை அன்று. நூலை மனத்தில் வைத்துக்கொண்டு ஊசிக்குத் தாவுகிறவர் இருக்கலாம், ஆனால் அதற்கு இரண்டு தாவல்கள் வேண்டும். அந்த இடத்திற்குள் மூன்று நல்ல சொற்கள் ஒரே தாவலில் கிடைத்துவிடுகின்றன.

மணியும் ஏணியும் ஏறக்குறைய சம தொலைவில் நிற்பதால் ‘கயிறு, 4’ என்று சொல்வது பேராசை. ‘கயிறு, 3’ என்பதே என் முடிவு. சில வாரங்களுக்குப் பிறகு, அன்றைய ஆட்டத்தைப் பார்த்திராத நண்பர்களிடம் அதே பலகையை விரித்து இந்தக் குறிப்பைச் சொன்னேன். முதலில் நூலைத் தொட்டார்கள், அடுத்துப் படகை. மூன்றாவதில்தான் தடுமாற்றம். ஒருவர் “நூலேணின்னு ஒன்னு இருக்கே” என்று ஏணியின் மீது விரலைக் கொண்டுபோனார். மற்றவர், “துணி காயப்போடுற கொடி கயிறுதானே, அத விடவா?” என்று கேட்டுத் தடுத்தார். கொடியைத் தொட்டார்கள். எண்ணைவிட ஒன்று கூடுதலாக, நான்காவதையும் தொட அவர்களுக்கு உரிமை இருந்தும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழில் இந்தச் சோதனையைச் செய்யும்போது இரண்டு பொறிகளைத் தனியாகத் தேட வேண்டும். ஒன்று, சேர்ந்தே வழங்கும் சொற்கள். ‘செடி’ என்றால் வாய் தானாகவே ‘கொடி’ என்று முடிக்கும். அந்தக் கொடி எதிரணியுடையதாக இருந்தால் உங்கள் குறிப்பு அவர்களுக்கே தொண்டு செய்யும். படகின் பாயையும், உட்காரும் பாயையும் நினைத்து, படகு, நாற்காலி இரண்டுக்கும் சேர்த்து ‘பாய், 2’ என்று சொல்ல ஒருமுறை மிகவும் ஆசைப்பட்டேன். நல்ல வேளையாக, ‘அலைபாய்தல்’ என்ற சொல் சொல்வதற்கு முன்பே நினைவுக்கு வந்தது. அலை நீல அணியுடையது.

மற்றொன்று, காதுக்குக் கேட்பது. ‘பள்ளி’ என்று நீங்கள் சொன்னதை ‘பல்லி’ என்று கேட்டுக்கொண்டு, சுவரைத் தொட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐயம் எழும் இடத்தில் எழுத்தைச் சொல்லித் தெளிவுபடுத்த உங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் வேறு பொருத்தமான சொல் இருந்தால் அதையே எடுப்பது சுலபம்.

## 6. எண்ணை எப்படி முடிவு செய்வது

எண்ணைத் தீர்மானிக்க ஒரு சிறிய கணக்குப் போதும். எதிரணிக்கு 8 சொற்கள். அவர்கள் முறைக்கு இரண்டாகப் பிழையின்றி எடுத்தால் நான்கு முறைகளில் முடித்துவிடுவார்கள். நீங்கள் முதலில் ஆடுகிறவர்கள் என்பதால் அவர்களுடைய நான்காவது முறைக்கு முன் உங்களுக்கும் நான்கு முறைகள்தான் கிடைக்கும். 9 சொற்களை நான்கு முறைகளில் முடிக்க 3, 2, 2, 2 என்று போக வேண்டும். ஆகவே முதலில் ஆடும் அணிக்கு ஒரேயொரு நல்ல ‘3’ போதும். அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் மீதி முறைகளில் நிதானமாக இரண்டிரண்டாகப் போகலாம். நான்கைந்து சொற்களை ஒரே குறிப்பில் கட்ட முயலுவது புதியவர்களின் ஆசை, தேவை அன்று.

ஊகிப்பவர்கள் நீங்கள் சொன்ன எண்ணைவிட ஒன்று கூடுதலாகத் தொடலாம். முந்தைய முறையில் விட்டுப்போனதை எடுப்பதற்கே இந்தக் கூடுதல் வாய்ப்பு பயன்படும். ‘0’ என்றும் சொல்லலாம்; இந்தக் குறிப்போடு தொடர்புள்ள சொல் எதுவும் நம்முடையதில்லை, அதைத் தொடாதீர்கள் என்பது அதன் பொருள். அப்போது அவர்கள் குறைந்தது ஒன்றையாவது தொட வேண்டும், அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் தொடலாம். முன்னர் கொடுத்த குறிப்புகளில் இரண்டு மூன்று சொற்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கொலையாளியை மட்டும் விலக்கிக் காட்ட ‘தையல், 0’ என்பது நல்ல ஆயுதம். ஊசிக்காக நாம் ஒதுக்கி வைத்த பட்டியல் பயன்படும் ஒரே இடமும் இதுதான்.

## 7. பிழைக்கு என்ன விலை

எல்லாப் பிழையும் ஒன்றன்று. வழிப்போக்கர் சொல்லைத் தொட்டால் முறை முடிந்துவிடும், அவ்வளவுதான். எதிரணிச் சொல்லைத் தொட்டால் முறையும் முடியும், அவர்களுக்கு ஒரு சொல்லும் இலவசமாகக் கிடைக்கும். கொலையாளியைத் தொட்டால் ஆட்டமே போய்விடும். ஆகவே இரண்டு குறிப்புகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டி வந்தால், எது தெளிவானது என்பதோடு, தவறினால் எங்கே போய் விழும் என்பதையும் பார்த்தே முடிவெடுங்கள்.

நண்பர்களோடு அதே பலகையில் ஆட்டத்தைத் தொடர்ந்தபோது, விதை, வேர் இரண்டையும் எடுக்க எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ‘செடி, 2’ என்றால் கொடி ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது, ஆகவே விதை, வேர், கிளை மூன்றும் சம நெருக்கத்தில் நிற்கும். மூன்றில் ஒன்று நீலம். ‘மண், 2’ என்றால் விதையும் வேரும் மண்ணுக்குள் இருப்பவை, கிளை மண்ணுக்கு மேலே இருப்பது. அது தானாக விலகிவிடுகிறது. அதற்குப் பதிலாகக் ‘கல்’ நெருங்கி வருகிறது, ஆனால் கல் வழிப்போக்கர். தவறினாலும் ஒரு முறையோடு போகும். மண்ணைத்தான் எடுத்தேன்.

பாடகரை எடுக்கும்போதும் இதே கேள்வி. ‘இசை, 2’ என்று பாடகரையும் மணியையும் சேர்க்கலாம், ஆனால் மணியைவிட மேடை நெருக்கம் என்று ஊகிப்பவர் நினைத்தால் நீல அணிக்கு லாபம். ‘சினிமா, 2’ என்றால் திரை உடனே வருகிறது, அடுத்துப் பாடகர். மேடை நாடகத்தைச் சேர்ந்தது என்பதால் ஓரடி பின்னால் நிற்கிறது. முற்றிலும் பாதுகாப்பான குறிப்பு என்று இதைச் சொல்ல மாட்டேன். இருப்பவற்றில் இதுவே மேல்.

மிஞ்சியவை மணியும் நாற்காலியும். இவை இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் பள்ளி. மேலே சொன்ன பல்லிப் பயத்தால் ‘பள்ளிக்கூடம், 2’ என்று முழுச் சொல்லையே வைத்தேன். ஆக 3, 2, 2, 2.

## 8. நேரமும் முகமும்

பெட்டியின் மேல் ஆட்ட நேரம் 15 நிமிடம் என்று போட்டிருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். புதிய குறிப்பாளர் முதல் குறிப்புக்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். எங்கள் வட்டத்தில் முதல் குறிப்புக்கு நான்கு நிமிடம், அடுத்தவற்றுக்கு இரண்டு நிமிடம் என்று பேசி வைத்திருக்கிறோம். பெட்டியில் ஒரு மணற்கடிகை உண்டு, ஆனால் யாராவது அளவு மீறித் தாமதித்தால் மட்டுமே அதைக் கவிழ்ப்போம். எதிரணி யோசிக்கும் நேரமும் உங்களுடையதே என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஊகித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த குறிப்பைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் மூடிய சொற்களால் பலகை மாறியிருக்கும், ஆகவே சொல்வதற்கு முன் தலைகீழ்ச் சோதனையை மீண்டும் ஒருமுறை விரைவாகச் செய்யுங்கள். முன்பு அபாயமாக இருந்த சொல்லை அவர்களே எடுத்துவிட்டிருக்கலாம். மேடை மூடப்பட்டுவிட்டால் ‘இசை’ என்ற குறிப்பில் ஓர் அபாயமும் இல்லை.

குறிப்பைச் சொன்ன பிறகு உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது. “இது கொஞ்சம் தூரத்து உறவு” என்று முன்னுரை சொல்லக் கூடாது, சொன்ன பின் விளக்கவும் கூடாது. விரல் தவறான அட்டையை நோக்கிப் போகும்போது மூச்சை இழுப்பதும் ஒரு குறிப்பாகிவிடும். நான் பார்வையைச் சாவி அட்டையின் மீதே வைத்துக்கொள்கிறேன். பலகையைப் பார்த்தால் என் கண் என் சொற்களுக்குத்தான் போகிறது, எங்கள் அணியில் ஒருவர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

## 9. குறிப்பு பாதியில் நின்றுவிட்டால்

‘மண், 2’ என்ற குறிப்புக்கு என் நண்பர்கள் முதலில் வேரைத் தொட்டார்கள், அடுத்துக் கல்லைத் தொட்டார்கள். முறை முடிந்தது, விதை தொங்கிப்போனது. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, அடுத்த முறையில் விதைக்கென்று தனியாக ‘1’ கொடுப்பது. அது தேவையில்லை. கல் தவறு என்று இப்போது அவர்களுக்குத் தெரியும், மண்ணோடு தொடர்புள்ள ஒரு சொல் இன்னும் மீதி என்பதும் தெரியும். ஆகவே துண்டுத்தாளில் விதைக்குப் பக்கத்தில் ‘மண்’ என்று எழுதிவைத்துவிட்டு, வழக்கம்போல் ‘பள்ளிக்கூடம், 2’ என்றே சொன்னேன். நாற்காலியையும் மணியையும் எடுத்த பிறகு, கூடுதலாகக் கிடைக்கும் மூன்றாவது தொடுதலில் அவர்கள் பழைய குறிப்புக்குத் திரும்பினார்கள்.

இது நடக்க ஊகிப்பவர்களும் பழைய குறிப்புகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆகவே, ஆட்டம் தொடங்கும் முன்பே உங்கள் அணியில் ஒருவரிடம், ஒவ்வொரு குறிப்பையும் அதன் எண்ணையும் எத்தனை கிடைத்தன என்பதையும் எழுதச் சொல்லிவிடுங்கள். அன்று அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: கயிறு 3, மூன்றும் கிடைத்தன, சினிமா 2, இரண்டும், மண் 2, ஒன்று பாக்கி. அந்த ‘பாக்கி’யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.